எப்போதிருந்து கத்துகிறது?

கால்நடை மருந்தகத்துக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, "எப்போதிருந்து கத்துது?" என்பதைத்தான். "இன்னிக்குக் காலையிலதான் சார், அஞ்சு மணிக்குப் பால் கறக்கப் போனப்ப பார்த்தேன்" என்று பதில் வரும். அந்தப் பதிலில் இருப்பது மாட்டுக்காரர் பார்த்த நேரம். மாடு பருவத்துக்கு வந்த நேரம் அதற்கு முன்னால், இரவில் எங்கோ இருக்கிறது. சினை ஊசி பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பல வீடுகளில் இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே இருக்கும் சில மணி நேரத்தைப் பொறுத்தே அமைகிறது.

பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாள். 18 நாளிலும் வரும், 24 நாளிலும் வரும், இரண்டும் இயல்புதான். ஒவ்வொரு சுற்றிலும் காளையை ஏற்க அது தயாராக இருக்கும் நேரம் மிகக் குறைவு. பாடப்புத்தகங்கள் 12 முதல் 18 மணி நேரம் என்று சொல்கின்றன. கோடை வெயிலிலும், நிறையப் பால் கொடுக்கும் மாடுகளிடமும், நாட்டு மாடுகளிடமும் இது இன்னும் சுருங்கிப்போகும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் தீவனம் போட்டாக வேண்டும். அடுத்த கன்றும் அடுத்த ஈத்துப் பாலும் அதே மூன்று வாரம் தள்ளிப்போகும்.

பருவத்துக்கு வந்த மாட்டை அடையாளம் காண உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட உறுதியான அறிகுறி ஒன்று உண்டு. இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகி ஓடாமல் அசையாமல் நிற்கும் மாடு பருவத்தில் இருக்கிறது. ஏறுகிற மாடு பருவத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிற்கிற மாட்டைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். இருபது முப்பது மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கும் பண்ணையில் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். நம் ஊர்களில் நிலைமை வேறு. ஒரு வீட்டில் ஒன்றோ இரண்டோ ஜெர்சி கலப்பினப் பசுக்கள், அவையும் நாள் முழுக்கக் கட்டுத்தறியில். மேலே ஏற இன்னொரு மாடு இல்லை. இருந்தாலும் கயிறு விடாது. ஆக, மிக உறுதியான அறிகுறியே நமக்குக் கிடைப்பதில்லை. மற்ற அறிகுறிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

கத்துவது அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கத்துவதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கன்றைப் பிரித்துக் கட்டினாலும் மாடு கத்தும், தண்ணீர் காட்ட நேரமானாலும் கத்தும், பக்கத்து வீட்டு மாடு கத்தினாலும் பதிலுக்குக் கத்தும். மறுபக்கம், பருவத்துக்கு வந்தும் ஒரு சத்தமும் போடாத மாடுகள் நிறைய உண்டு. ஊமைப் பருவம் என்று சொல்வது இதைத்தான். எருமைகளில் இது மிக அதிகம். பசுக்களிலும் கன்று போட்ட முதல் இரண்டு மாதங்களில் சாதாரணமாகவே நடக்கும்.

கத்தலைவிட நம்பகமானது, பிறப்புறுப்பிலிருந்து வரும் கோழை. அதைப் பார்க்கச் சரியான நேரம் விடியற்காலை, மாடு இன்னும் எழுந்திருக்காத நேரம். நின்றுகொண்டிருக்கும் மாட்டில் கோழை உள்ளேயே தங்கிவிடும். படுத்திருக்கும்போது வயிற்றின் அழுத்தத்தில் வெளியே தள்ளப்பட்டு, வாலுக்குக் கீழே தரையில் தேங்கும். சாணம் அள்ளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் அந்தத் தடயம் போய்விட்டது. எனவே டார்ச்சோ செல்போன் வெளிச்சமோ எடுத்துக்கொண்டு முதலில் மாட்டின் பின்பக்கத் தரையையும், வாலின் உட்புறத்தையும், தொடையின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். காய்ந்த கோழை தொடை மயிரில் பளபளப்பாக ஒட்டியிருக்கும். இரவு என்ன நடந்தது என்பதைச் சொல்லும் தடயம் அது.

கோழையின் தன்மை மணிக்கணக்கில் மாறிக்கொண்டே போகும். பருவம் தொடங்கும்போது அது நீர்த்து, கொஞ்சமாக, தெளிவாக இருக்கும். நடுப்பகுதியில் அளவு கூடி, முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழவென்று அறுபடாமல் நீண்ட கயிறாகத் தொங்கும். இரண்டு விரலுக்கிடையில் வைத்து இழுத்தால் நன்றாக நீளும். முடிவை நெருங்கும்போது அளவு குறைந்து, கெட்டியாகி, லேசாக வெண்மை படரும். தனியாகக் கட்டியிருக்கும் மாட்டில் பருவம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டக்கூடியது இதுதான். ஊசி போடக் கேட்கும் நேரம், கயிறாகத் தொங்கும் கட்டத்தின் பிற்பகுதி. நீர்போல வரும் கட்டத்தில் ஓடுவது அவசரம்.

ஒரு எச்சரிக்கை: கோழையில் சீழோ, வெள்ளைத் திப்பிகளோ, நாற்றமோ இருந்தால் கருப்பையில் நோய்த்தொற்று இருக்கலாம். அந்தப் பருவத்தில் ஊசி போட்டுப் பயனில்லை. மருத்துவரிடம் காட்டி, சிகிச்சை முடிந்தபின் அடுத்த பருவத்தில் போடுவதுதான் முறை.

மற்ற அறிகுறிகள் சிறியவை, ஆனால் சேர்ந்து வந்தால் கனமானவை. பிறப்புறுப்பின் உதடுகள் வீங்கி, சுருக்கம் மறைந்து, உட்புறம் சிவந்து ஈரமாக இருக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். தீவனத்தில் நாட்டம் குறைந்து, அசைபோடாமல், காதை நிமிர்த்திக்கொண்டு நிலைகொள்ளாமல் நிற்கும். இடுப்புக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில் கையை வைத்து அழுத்தினால் வாலை ஒதுக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். பால் குறையும். பால் சொசைட்டி அட்டையில் காலையும் மாலையும் எழுதும் லிட்டர் கணக்கை யாரும் இந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. காரணம் தெரியாமல் ஒரு வேளைக்கு மட்டும் ஒரு லிட்டர் குறைந்திருந்தால், அந்தத் தேதியைப் போன பருவத்தின் தேதியோடு ஒட்டிப் பார்ப்பது நல்லது.

இனி நேரக் கணக்கு. கர்ப்பம் தரிக்க முட்டையும் விந்தணுவும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உயிரோடு இருந்தாக வேண்டும். பசுவில் இது எளிதாக அமைவதில்லை. பருவ அறிகுறிகள் அடங்கிய பிறகு, சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்தே சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருகிறது. தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 24 முதல் 32 மணி நேரம். வெளிவந்த முட்டை நல்ல நிலையில் இருப்பது 6 முதல் 12 மணி நேரம்தான். உறைவிந்திலிருந்து வந்த விந்தணு ஏறத்தாழ ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் உள்ளே போனவுடன் அதனால் முட்டையைத் துளைக்க முடியாது. மாட்டின் கருப்பைக்குள் சுமார் 6 மணி நேரம் இருந்து பக்குவப்பட்ட பிறகே அந்தத் திறன் வருகிறது. ஆகவே முட்டை வருவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே விந்தணு அங்கே போய்க் காத்திருக்க வேண்டும். அதிக நேரம் காத்திருந்தால் அதற்கு வலுவிருக்காது. முட்டை வந்தபின் போனால், விந்தணு பக்குவப்படுவதற்குள் முட்டை பழசாகிவிடும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டிரிம்பெர்கர் என்ற ஆய்வாளர் 1940-களில் இந்தக் கணக்கைப் பசுக்களிடமே சோதித்துப் பார்த்து, 1948-ல் வெளியிட்டார். முட்டை வெளிவருவதற்கு 7 முதல் 24 மணி நேரம் முன்னால் ஊசி போட்ட மாடுகளில் சினை பிடிப்பு நன்றாக இருந்தது. அதிலிருந்து வந்ததுதான் இன்றும் மருந்தகங்களில் சொல்லப்படும் விதி: காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை.

அரை நூற்றாண்டு கழித்து வர்ஜீனியாவில், மாட்டின் வாலடியில் ஒட்டிய மின்னணுக் கருவி மூலம் மேலேறுதலை நொடி பிசகாமல் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 1998-ல் வெளிவந்த அந்த முடிவின்படி, மாடு முதன்முதலில் அசையாமல் நின்றதிலிருந்து 4 முதல் 12 மணி நேரத்துக்குள் போட்ட ஊசிகளே நன்றாகப் பிடித்தன. பழைய விதியைவிட இது சற்று முன்னதாகத் தெரிகிறது. முரண்பாடு என்று நினைக்க வேண்டியதில்லை. கருவி தொடக்கத்தைப் பிடிக்கிறது. மனிதக் கண் பெரும்பாலும் தொடங்கிச் சில மணி நேரம் ஆனபிறகே பார்க்கிறது. மேலேறுதல் இரவிலும் விடியற்காலையிலும், வெயில் தணிந்த நேரங்களிலும்தான் அதிகம்; நாமோ அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறோம். இதிலிருந்து நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், விதியிலுள்ள 12 மணி நேரத்தை மேல் வரம்பாக வைத்துக்கொள்வதுதான். கடைசியாக மாட்டைச் சாதாரணமாகப் பார்த்த நேரம் எது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதனால்தான் இரவு படுக்கப் போகுமுன், ஒன்பது மணி வாக்கில், கட்டுத்தறிக்கு ஒரு நடை போய்ப் பத்து நிமிடம் நின்று பார்ப்பதற்கு இவ்வளவு மதிப்பு. அன்றிரவு ஒன்றும் தெரியாவிட்டாலும், "ஒன்பது மணிக்கு இல்லை" என்ற தகவல் மறுநாள் காலை மருத்துவருக்கு உதவும்.

ஒரு மாட்டை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பினப் பசு. ஜனவரி 5 அன்று கன்று போட்டது. நஞ்சுக்கொடி ஒழுங்காக விழுந்தது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 40 நாளாகும். பிப்ரவரி 17 காலையில், அதாவது 43-ஆம் நாள், தரையில் கோழை தெரிந்தது, மாடும் கத்தியது. வீட்டுக்காரர் அன்று ஊசி போடவில்லை, காலண்டரில் மட்டும் வட்டமிட்டு வைத்தார். அதுவே சரி, 60 நாளைத் தாண்டிப் போடும் ஊசி பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த வட்டம் இல்லாவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. 21 நாள் கூட்டினால் மார்ச் 10. முன்னும் பின்னும் மூன்று நாள் விட்டு, மார்ச் 7 முதல் 13 வரை விடியற்காலையும் மதியமும் இரவும் தவறாமல் பார்க்க வேண்டும்.

மார்ச் 9 மாலை, வழக்கமாக 5 லிட்டர் கறக்கும் மாடு 4 லிட்டர்தான் கொடுத்தது. இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தபோது அமைதியாக அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது, கோழை இல்லை. 10-ஆம் தேதி காலை ஐந்து மணிக்கு நின்றுகொண்டு கத்தியது. தரையில் தெளிவான கோழை. அப்படியானால் பருவம் தொடங்கியது இரவு ஒன்பதுக்கும் காலை ஐந்துக்கும் இடையில். நடுவே நள்ளிரவு 12 என்று வைத்துக்கொள்வோம். முட்டை வெளிவரும் நேரம் 11-ஆம் தேதி நள்ளிரவிலிருந்து காலை எட்டு மணிக்குள்.

காலை எட்டு மணிக்கே ஊசி போட்டால் என்ன ஆகும்? விந்தணு பிற்பகல் இரண்டு மணிக்குத் தயார். ஆனால் முட்டை மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தால், அதற்குள் விந்தணுவின் ஆயுள் முடிகிற கட்டம். மாலை நான்கு மணிக்குப் போட்டால், இரவு பத்து மணிக்குத் தயாராகி மறுநாள் பிற்பகல் வரை இருக்கும். முட்டை நள்ளிரவில் வந்தாலும் சரி, காலையில் வந்தாலும் சரி. மறுநாள் காலை பத்து மணிக்குத் தள்ளிப்போட்டால் அது தொடக்கத்திலிருந்து 34 மணி நேரம். முட்டை வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும், விந்தணு பக்குவப்பட இன்னும் ஆறு மணி நேரம் வேண்டும். ஆகவே மாலை நான்கு மணி.

ஊரில் எல்லா நாளும் மாலையில் ஊசி போட ஆள் கிடைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரே முறைதான் வருவார் என்றால், மேலே சொன்ன மாட்டுக்கு எட்டு மணியைவிடப் பதினொன்று, பன்னிரண்டு மணி நல்லது. மறுநாள் பத்து மணியைவிட அதுவே மிக நல்லது. காலையிலேயே ஐந்து மணிக் கதையைப் போனில் சொல்லி, சுற்றில் கடைசி வீடாக வந்து போடும்படி கேட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டும் மறுநாள் காலையில் கோழை இன்னும் தெளிவாகக் கயிறுபோலத் தொங்கினால், முட்டை தாமதமாக வெளிவருகிற மாடாக இருக்கலாம். 24 மணி நேர இடைவெளியில் இரண்டாவது ஊசி போடும்படி மருத்துவரைக் கேட்பது அப்போது நியாயமானதே. மூன்று தடவை போட்டும் சினை நிற்காத மாடுகளில் சில இந்த வகைதான்.

ஊசி போடும் இடத்தில் மாட்டுக்காரர் கவனிக்கத் தக்கது கொஞ்சம் உண்டு. உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. வெளியே எடுத்தவுடன் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சுமார் 30 விநாடி வைத்து, ஈரம் போகத் துடைத்து, நுனியை வெட்டி, கருவூட்டல் துப்பாக்கியில் பொருத்தி, தாமதிக்காமல் போட வேண்டும். வெயிலில் காட்டுவது, பச்சைத் தண்ணீரில் போடுவது, குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது எல்லாம் நேரக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கெடுத்துவிடும். ஊசிக்கு முன் மலக்குடல் வழியே கைவிட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பருவத்தில் இருந்தால் அது விறைப்பாக இருக்கும். இந்தப் பரிசோதனையை அவசரப்படுத்தக் கூடாது. சினையாக இருக்கும் மாடுகளும் சில நேரம் பருவ அறிகுறி காட்டும். அந்த மாட்டுக்கு ஊசி போட்டால் உள்ளே இருக்கும் கருவே கலைந்துவிடக்கூடும். போன ஊசியின் தேதியை மறைக்காமல் சொல்வது இதனால்தான் முக்கியம்.

ஊசிக்குப் பிறகு மாட்டைப் படுக்க விடக் கூடாது, படுத்தால் விந்து வழிந்துவிடும் என்று இன்னும் பல வீடுகளில் மணிக்கணக்காக நிற்க வைக்கிறார்கள். மாட்டுக்கு இது வீண் வேதனை. விந்து போய்ச் சேர்வது கருப்பை வாயைத் தாண்டிய இடத்தில், அதுவும் கால் மில்லி அளவுதான். அதன்பின் வெளியே வழிவது பருவக் கோழை. நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி, விருப்பப்படி படுக்க விடலாம். வெயிலில் நெடுந்தூரம் நடத்திக் கூட்டிப்போவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 12 வாக்கில், கோழையோடு கொஞ்சம் ரத்தம் வந்தால் பயப்படத் தேவையில்லை. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளில் பல மாடுகளில், கிடேரிகளில் இன்னும் அதிகமாக, இது வருவது இயல்பு. சினை பிடித்ததா இல்லையா என்பதை அந்த ரத்தம் சொல்லாது. பருவம் வந்துபோனது என்பதை மட்டும் சொல்லும். ஊமைப் பருவ மாட்டில் இதுவே பெரிய உதவி: கத்தலும் இல்லை, கோழையும் கண்ணில் படவில்லை, ஆனால் வாலில் ரத்தக் கறை தெரிகிறது என்றால் அன்று ஊசி போட ஓட வேண்டாம், நேரம் கடந்துவிட்டது. அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, 16-ஆம் நாளிலிருந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருந்தால் பிடித்துவிடலாம்.

கன்று போட்டு 60 நாள் தாண்டியும் எதுவுமே தென்படவில்லை என்றால் பார்வையில் குறை இருக்கலாம், மாட்டிலும் இருக்கலாம். பால் அதிகமாகக் கொடுத்து, தின்பது போதாமல் எலும்பு தெரிய மெலிந்த மாட்டில் சினைப்பை வேலை செய்யாமலே இருக்கும். அதற்குத் தீவனமும் தாதுஉப்பும்தான் முதல் மருந்து. சினைப்பை வேலை செய்தும் அறிகுறி தெரியாத மாட்டுக்கு மருத்துவர் ஹார்மோன் ஊசி போட்டுச் சில நாட்களில் பருவத்துக்குக் கொண்டுவர முடியும். ஆனால் அந்த ஊசிகளில் சில சினையைக் கலைத்துவிடும். எனவே மாடு சினையாக இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்யாமல் போடக் கூடாது.

நாம் எடுத்துக்கொண்ட மாட்டுக்கு அடுத்து கவனிக்க வேண்டிய நாட்கள் மார்ச் 28 முதல் ஏப்ரல் 3 வரை. அப்போது மறுபடி கோழை வந்தால் சினை பிடிக்கவில்லை. மறுபடி அதே கணக்கு. வராவிட்டால் பிடித்திருக்கலாம். ஏப்ரல் வெயிலில் அறிகுறிகள் மங்கி, இரவில் மட்டும் சில மணி நேரம் வந்து போயிருக்கவும் கூடும். "கத்தவே இல்லை, அதனால் சினைதான்" என்று நான்கைந்து மாதம் நம்பியிருந்து, பிறகு காலி என்று தெரிந்து நொந்துபோகும் வீடுகள் ஏராளம். மே 10-க்கும் ஜூன் 10-க்கும் இடையில், அதாவது ஊசி போட்டு இரண்டிலிருந்து மூன்று மாதத்துக்குள், மருத்துவர் கைவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்கேன் வசதி இருந்தால் ஒரு மாதத்திலேயே சொல்லலாம். சினை உறுதியானால் 280 நாள் கணக்கில் டிசம்பர் நடுவில் கன்று.